மாதச் சந்தா யார் கட்டவில்லை? சேமிப்புக் குழுப் பொறுப்பாளருக்கான கணக்கு ஷீட், படிப்படியாக

எங்கள் சேமிப்புக் குழுவின் கணக்கு என் கைக்கு வந்தபோது ஒரே ஒரு நோட்டுதான் இருந்தது. இடது ஓரத்தில் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டியவருக்கு டிக். அதை அப்படியே கணினியில் ஏற்றினேன். மூன்றாவது மாதம் ஒரு அக்காவின் கட்டத்தில் டிக் இல்லை என்று பார்த்து, அவருக்கு போன் செய்து பாக்கி கேட்டேன். "மூணு மாசத்துக்கும் சேர்த்து மொத்தமா கட்டினேனே, ரசீது இருக்கு, வந்து பாருங்க" என்றார். பார்த்தால் உண்மைதான். முன்பணமாகக் கட்டியதற்கு நோட்டில் ஒரே ஒரு டிக்தான் விழுந்திருந்தது. அதே மாதங்களில் உண்மையிலேயே கட்டாத இன்னொருவர் என் கண்ணிலேயே படவில்லை. அவர் பாதித் தொகை கட்டியிருந்தார், பாதித் தொகைக்கும் டிக் போட்டிருந்தார்கள்.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, கணக்கை முதலிலிருந்து வேறு விதமாக அமைத்தேன். சரியாக வர நான்கு வார இறுதிகள் ஆயின. உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். நான் பயன்படுத்துவது Google Sheets. ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும், பணம் கட்டத் தேவையில்லை. ரசீதுப் புத்தகம் ஒன்றும், மாதம் ஒரு தாள் அச்செடுக்கும் செலவும்தான் மிச்சம்.

இந்த ஷீட் மாதச் சந்தாவுக்கு மட்டும். குழு கடன் கொடுத்து வட்டி வாங்கினால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். இதில் கலக்காதீர்கள்.

1. கணினியைத் திறப்பதற்கு முன்

மூன்று ஆவணங்களை மேசையில் வையுங்கள்: பழைய நோட்டு, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், குழுவின் வங்கிக் கணக்கு அறிக்கை. நோட்டும் அடிக்கட்டையும் ஒத்துப்போகாத இடத்தில் அடிக்கட்டையை நம்புங்கள். பணம் வாங்கிய கையோடு எழுதியது அதுதான். நோட்டை அப்புறம் நினைவிலிருந்து நிரப்பியிருப்பார்கள்.

அடுத்து, குழுவில் கேட்டு மூன்று விஷயங்களை முடிவு செய்து, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கடைசித் தேதி. எடுத்துக்காட்டாக, மாதத்தின் 10. பத்தாம் தேதி வரை கட்டாதவர் பாக்கிக்காரர் அல்ல, 11-ஆம் தேதியிலிருந்துதான் பாக்கி.

இரண்டு, எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது. வங்கி வழியாக அனுப்பும் பணம் சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் அறிக்கையில் தெரியும். உறுப்பினர் அனுப்பிய தேதியை எடுப்பதுதான் நியாயம் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: வரும் பணம் எப்போதும் மிகப் பழைய பாக்கிக்கே போகும். இதை ஒப்புக்கொள்ளாமல் ஷீட்டைத் தொடங்காதீர்கள். மார்ச் கட்டாமல் விட்ட ஒருவர் ஏப்ரலில் பணம் தருகிறார் என்று வையுங்கள். அவரைப் பொறுத்தவரை அது ஏப்ரல் சந்தா, மார்ச் இன்னும் பாக்கி. உங்களைப் பொறுத்தவரை மார்ச் அடைந்தது, ஏப்ரல் பாக்கி. இரண்டு விதத்திலும் தர வேண்டிய தொகை ஒன்றே. ஆனாலும் "எந்த மாதம்" என்று எல்லோரும் ஒரே மாதிரி பேசவில்லை என்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்குவாதம் வரும். ஆரம்பத்தில் நானும் ஒவ்வொரு வரவுக்கும் "எந்த மாதத்துக்கு" என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பாதிப் பணம், முன்பணம், இரண்டு மாதம் சேர்த்துக் கட்டியது எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடந்தன. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டதும் கணக்கு சீராகிவிட்டது.

2. கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை

புதிய கோப்பில் `File` > `Settings` போய், `Locale` என்ற இடத்தில் உங்கள் நாட்டையும், `Time zone` என்ற இடத்தில் உங்கள் நேரத்தையும் வையுங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோப்பு அமெரிக்க அமைப்பில் இருந்தால் நீங்கள் 03/04/2025 என்று ஏப்ரல் 3-ஐ அடிக்கும்போது அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2025 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே கருதாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் அமைப்பையும் சரிசெய்யுங்கள், தேதியை எப்போதும் 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் அடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். அப்படி அடித்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

கீழே நான்கு தாள்களை உருவாக்கிப் பெயர் வையுங்கள்: `Settings`, `Members`, `Payments`, `Missed`. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் வரும் ஃபார்முலா வேலை செய்யாது.

`Settings` தாளில் B1 கட்டத்தில் கடைசித் தேதியை எழுதுங்கள், எங்கள் எடுத்துக்காட்டில் 10. B2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=TODAY()
```

B2 என்பது "எந்தத் தேதி நிலவரப்படி பாக்கி பார்க்கிறோம்" என்பது. சாதாரணமாக இன்றைய தேதி. போன மாதக் கூட்டத்தன்று நிலவரம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அங்கே அந்தத் தேதியை அடித்தால் மொத்த ஷீட்டும் அந்த நாளுக்குத் திரும்பிப் போகும். பார்த்து முடித்ததும் மறக்காமல் `=TODAY()` என்று திருப்பி வையுங்கள்.

3. உறுப்பினர் பட்டியல்

`Members` தாளில் முதல் வரி தலைப்பு. A-யில் உறுப்பினர் எண், B-யில் பெயர், C-யில் போன், D-யில் சந்தா தொடங்கும் மாதம், E-யில் மாதத் தொகை.

எண்ணை M01, M02 என்று எழுத்தோடு சேர்த்து வையுங்கள். வெறும் 01 என்று அடித்தால் ஷீட் அதை 1 ஆக்கிவிடும். பெயரை வைத்தே கணக்குப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், ஒருவர் பெயரையே மூன்று விதமாக எழுதுவோம். ஒருவர் விலகிப் போனாலும் அவர் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் விலகியவர் கட்டிய பணமெல்லாம் புதியவர் கணக்கில் ஏறிவிடும்.

D-யில் அந்த மாதத்தின் முதல் தேதியை எழுதுங்கள். ஜனவரியிலிருந்து இருப்பவருக்கு 2025-01-01, மார்ச்சில் சேர்ந்தவருக்கு 2025-03-01. நடுவில் சேர்ந்தவரை ஜனவரி, பிப்ரவரி கட்டவில்லை என்று ஷீட் குற்றம் சொல்லாமல் இருப்பது இந்த ஒரு கட்டத்தால்தான். ஒருவர் இரண்டு பங்கு எடுத்திருந்தால் E-யில் தொகையை இரட்டிப்பாக எழுதினால் போதும், இரண்டு வரி வேண்டாம்.

4. வரவுப் பதிவு

நீங்கள் மாதாமாதம் தொடப்போவது `Payments` தாள் மட்டுமே. இங்கேயும் முதல் வரி தலைப்பு. அதற்குக் கீழே, பணம் ஒரு முறை கைமாறினால் ஒரு வரி. A-யில் தேதி, B-யில் உறுப்பினர் எண், C-யில் வகை, D-யில் தொகை, E-யில் ரொக்கமா வங்கியா, F-யில் ரசீது எண்.

கட்டாததை எங்கேயும் எழுதாதீர்கள். "மார்ச் கட்டவில்லை" என்று ஒரு குறிப்போ, 0 என்று ஒரு வரியோ வேண்டாம். வந்த பணத்தை மட்டும் எழுதினால், வர வேண்டியதிலிருந்து அதைக் கழித்து விட்டுப்போனதை ஷீட்டே சொல்லும். ஒருவரைப் பாக்கிக்காரர் என்று கையால் எழுதி வைத்தால், அவர் கட்டிய பிறகு அதை அழிக்க மறப்போம்.

வகைக்கு நான் இரண்டு எழுத்து வைத்திருக்கிறேன். சந்தாவுக்கு C, தாமத அபராதத்துக்கு F. இதைப் பிரிக்காவிட்டால், அபராதமாக வந்த சில்லறைத் தொகையெல்லாம் சந்தாவில் சேர்ந்து, பாக்கி குறைந்ததுபோலக் காட்டும். ஒருவர் சந்தாவையும் அபராதத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டு வரியாக எழுதி, இரண்டுக்கும் ஒரே ரசீது எண்ணைப் போடுங்கள்.

இப்போது தட்டச்சுப் பிழைக்கு ஒரு வேலி. B முழுவதையும் தேர்ந்தெடுத்து `Data` > `Data validation` போய், `Dropdown (from a range)` தேர்ந்தெடுத்து `Members!A2:A` என்று கொடுங்கள். C-க்கு `Dropdown` வைத்து C, F இரண்டை மட்டும் கொடுங்கள். A-க்கு `Is valid date`. மூன்றிலும் `Reject the input` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு முக்கோணத்தை மட்டும் காட்டிவிட்டுத் தப்பானதையும் ஏற்றுக்கொள்ளும்.

D-யில் எண் மட்டும் இருக்க வேண்டும். "1000/-" என்று எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கோடு விழுந்ததும் அது எண் அல்ல, எழுத்து. ஷீட் அதைக் கூட்டாது.

பழைய கணக்கை எப்படி ஏற்றுவது

முடிந்தால் இந்த ஆண்டின் எல்லா வரவையும் அடிக்கட்டைகளைப் பார்த்து ஏற்றிவிடுங்கள். 20 பேர், 8 மாதம் என்றால் சுமார் 160 வரி. ஒருவர் படிக்க ஒருவர் அடித்தால் சீக்கிரம் முடியும், பிழையும் குறையும்.

அடிக்கட்டைகள் தொலைந்துபோயிருந்தால் ஒரு மாதத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் D-யில் அந்த மாதத்தைப் போட்டு, அதற்கு முந்தைய பாக்கியை `Payments` தாளில் கழித்தல் குறியோடு ஒரு வரியாக எழுதுங்கள்: தேதி எல்லை மாதத்தின் முதல் நாள், வகை C, தொகை -1000. முன்பணம் இருந்தால் கூட்டலாக எழுதுங்கள். F-ல் "தொடக்கம்" என்று குறிப்பிடுங்கள். ஆனால் இந்தத் தொகையை ஒவ்வொரு உறுப்பினரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்காமல் ஏற்றக் கூடாது. ஆறு மாதம் கழித்து யாராலும் இதை நிரூபிக்க முடியாது.

5. பாக்கியைக் கணக்கிடும் ஃபார்முலாக்கள்

இவை `Members` தாளில் E-க்கு அடுத்து வருபவை. 2-ஆம் வரியில் அடித்து, கடைசி உறுப்பினர் வரை கீழே இழுங்கள்.

F2, இதுவரை எத்தனை மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும்:

```
=MAX(0,(YEAR(Settings!$B$2)-YEAR(D2))*12
 +MONTH(Settings!$B$2)-MONTH(D2)
 +IF(DAY(Settings!$B$2)>Settings!$B$1,1,0))
```

கடைசித் தேதி தாண்டிய பிறகுதான் நடப்பு மாதம் கணக்கில் சேரும். அந்த வேலையைச் செய்வது கடைசியில் இருக்கும் `IF`.

G2, வர வேண்டிய மொத்தம்:

```
=F2*E2
```

H2, வந்த மொத்தம்:

```
=SUMIFS(Payments!$D:$D,Payments!$B:$B,A2,
 Payments!$C:$C,"C",
 Payments!$A:$A,"<="&Settings!$B$2)
```

I2, பாக்கித் தொகை:

```
=MAX(0,G2-H2)
```

J2, எந்த மாதத்திலிருந்து பாக்கி:

```
=IF(I2=0,"",EDATE(D2,INT(H2/E2)))
```

K2, எத்தனை மாதம் (பாதி மாதமும் ஒன்றாகவே எண்ணப்படும்):

```
=ROUNDUP(I2/E2,0)
```

J-யில் முதலில் 45717 போன்ற ஓர் எண் தெரியும். பிழை என்று பயப்பட வேண்டாம். ஷீட் தேதிகளை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, அது 2025 மார்ச் 1. `Format` > `Number` போய்த் தேதி வடிவத்தைக் கொடுத்தால் மாதம் தெரியும். ஃபார்முலாவை ஒட்டியதும் பிழை வந்தால், சில நாடுகளின் அமைப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி `;` போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒருவர் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம்

மாதச் சந்தா 1000, கடைசித் தேதி 10, பார்க்கும் நாள் 2025 மே 12. M07 ஜனவரியிலிருந்து உறுப்பினர். ஜனவரி 8 அன்று 1000, பிப்ரவரி 9 அன்று 1000 கட்டினார். மார்ச்சில் எதுவும் இல்லை. ஏப்ரல் 10 அன்று 1000, மே 3 அன்று 500.

மே 10 தாண்டிவிட்டதால் ஐந்து மாதம் கணக்கில் வரும், F-ல் 5. வர வேண்டியது 5000. வந்தது 3500. பாக்கி 1500. 3500-ஐ 1000-ஆல் வகுத்தால் முழுதாக 3. அதாவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் அடைந்துவிட்டன. எனவே J "ஏப்ரல்" என்று காட்டும், K 2 என்று காட்டும். ஏப்ரலில் 500 குறைகிறது, மே முழுதும் பாக்கி. இவரிடம் பேசும்போது "நீங்கள் மார்ச் கட்டவில்லை" என்று சொல்லாமல் "ஏப்ரலில் பாதியும் மே முழுதும் இருக்கிறது, மொத்தம் 1500" என்று சொல்லுங்கள்.

இதே கணக்கை மே 5 அன்று பார்த்திருந்தால்? மே இன்னும் கெடு தாண்டவில்லை. வர வேண்டியது 4000, பாக்கி 500, K 1. `Settings` தாளில் B2-இல் 2025-05-05 என்று அடித்துப் பாருங்கள், இந்த எண்கள் வர வேண்டும். வராவிட்டால் ஃபார்முலாவில் எங்கோ பிழை, மேலே போகாதீர்கள்.

நான் தவறாக போன் செய்த அந்த அக்காவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவர் M11, மார்ச்சில் சேர்ந்து, மார்ச் 4 அன்றே 3000 கட்டியவர். மே 12 நிலவரப்படி வர வேண்டியது மூன்று மாதம், 3000. பாக்கி 0. பட்டியலில் அவர் பெயரே வராது. டிக் போடும் நோட்டில் ஏப்ரலும் மேயும் வெறும் கட்டமாக நின்றிருந்தன.

6. கட்டாதோர் பட்டியல்

`Missed` தாளில் A1:K1 வரை `Members` தாளின் தலைப்புகளை நகல் எடுத்து ஒட்டுங்கள். A2-இல் இந்த ஒரு ஃபார்முலா:

```
=IFNA(SORT(FILTER(Members!A2:K,Members!K2:K>0),
 11,FALSE),"பாக்கி இல்லை")
```

அதிக மாதம் பாக்கி உள்ளவர் மேலே வருவார். இந்தத் தாளிலும் D, J இரண்டுக்கும் தேதி வடிவத்தைக் கொடுக்க வேண்டும். பெயர், போன், பாக்கி, எந்த மாதத்திலிருந்து, எத்தனை மாதம் இவை ஐந்தைத் தவிர மற்றவற்றை மறைத்துவிடலாம் (எழுத்தின் மேல் வலது கிளிக், `Hide column`).

பலர் இங்கே `IFNA`-வுக்குப் பதில் `IFERROR` போடுவார்கள். நானும் போட்டேன். ஒரு நாள் யாரோ தாளின் பெயரை மாற்றப் போய், ஒரு நெடுவரிசையையும் அழித்துவிட்டார்கள். ஃபார்முலா உடைந்துபோனது, ஆனால் திரையில் "பாக்கி இல்லை" என்று அழகாக வந்தது. ஒரு மாதம் முழுக்க எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்றே நம்பியிருந்தேன். `IFERROR` எல்லாப் பிழையையும் மூடிவிடும். `IFNA` "பொருந்தும் வரி எதுவும் இல்லை" என்ற ஒன்றை மட்டும் மூடும், உடைந்த ஃபார்முலாவை வெளியே காட்டும்.

7. பட்டியலை நம்பும் முன் இரண்டு சோதனை

கட்டியவரைக் கட்டாதவர் என்று சொல்வதுதான் இந்த வேலையில் நடக்கக் கூடிய மிகப் பெரிய தவறு. அதைத் தடுக்க `Settings` தாளில் இரண்டு கட்டங்கள் போதும்.

B4-இல்:

```
=SUMIFS(Payments!D:D,Payments!C:C,"C")-SUM(Members!H2:H)
```

பதிவான சந்தா மொத்தத்துக்கும், உறுப்பினர்கள் பெயரில் ஏறிய மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. 0 வர வேண்டும். 1000 என்று காட்டினால், யாரோ ஒருவரின் 1000 ஆளில்லாமல் தொங்குகிறது. காரணம் பெரும்பாலும் தேதிதான். எழுத்தாகப் பதிந்துபோன தேதி `<=` ஒப்பீட்டில் சேராது, அதனால் அந்த வரவே கணக்கில் வராது. `Payments` தாளின் A-யில் கண்ணை ஓட்டுங்கள். சரியான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடது ஓரத்தில் நிற்கும். எல்லாம் வலது பக்கம் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். இந்த ஆண்டுக்குப் பதில் அடுத்த ஆண்டு விழுந்திருந்தால் அது இன்னும் வராத நாள், அதுவும் சேராது. இரண்டும் இல்லையென்றால் உறுப்பினர் எண்ணின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும், வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது வருவது. (B2-இல் பழைய தேதியை விட்டு வைத்திருந்தாலும் 0 வராது, முதலில் அதைப் பாருங்கள்.)

B5-இல்:

```
=COUNTA(Payments!D2:D)-COUNT(Payments!D2:D)
```

இதுவும் 0 வர வேண்டும். 2 என்று வந்தால் தொகைக் கட்டத்தில் இரண்டு இடத்தில் "1000/-" மாதிரி எழுத்து இருக்கிறது. முதல் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அதைச் சேர்ப்பதில்லை.

ஷீட்டுக்கு வெளியே ஒரு சோதனையும் உண்டு. இந்த மாதத்து வரவு வரிகளில் தொகைக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், திரையின் வலது கீழ் மூலையில் கூட்டல் தெரியும். கையில் எண்ணிய ரொக்கமும் வங்கி அறிக்கையில் வந்ததும் சேர்ந்து அந்தத் தொகை வர வேண்டும். ஒரே வரவை இரண்டு பேர் இரண்டு முறை ஏற்றிவிட்டால் இங்கேதான் தெரியும். சந்தேகம் வந்தால் ரசீது எண் கட்டத்தைப் பாருங்கள்.

8. நடுவில் வரும் மாற்றங்கள்

சந்தாத் தொகையை உயர்த்தும்போது E-யில் புதிய தொகையை அடித்துவிடாதீர்கள். அடித்தால் கடந்த மாதங்கள் எல்லாம் புதிய தொகையால் பெருக்கப்படும். ஜூலையில் 1000-ஐ 1500 ஆக்கினால், ஒழுங்காகக் கட்டிய ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதத்துக்கு 3000 பாக்கி என்று ஒரு நொடியில் மாறிவிடும். அதற்குப் பதில், `File` > `Make a copy` போட்டுப் புதிய கோப்பை எடுங்கள். `Payments` வரிகளை அழித்துவிட்டு, எல்லோருக்கும் D-யில் 2025-07-01, E-யில் 1500 என்று வைத்து, பழைய பாக்கியையும் முன்பணத்தையும் நான் மேலே சொன்ன "தொடக்கம்" வரியாக ஏற்றுங்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும், ஒரு நாள் யாராவது கேட்பார்கள்.

விலகிப் போகிறவருக்கு F-ல் உள்ள ஃபார்முலாவை அழித்துவிட்டு, அவர் இருந்த மாதங்களின் எண்ணிக்கையைக் கையால் எழுதுங்கள். அத்தோடு அவருக்குச் சந்தா ஏறுவது நின்றுவிடும். வரியை மட்டும் நீக்காதீர்கள், நீக்கினால் B4 சோதனையில் 0 வராது.

9. மாதாமாதம் எப்போது என்ன

பணம் வந்த அன்றே ஒரு வரி ஏற்றிவிடுவது நல்லது. மாதக் கடைசிக்குத் தள்ளினால் ரசீது காணாமல் போகும்.

11-ஆம் தேதி காலையில் `Missed` தாளைத் திறக்காதீர்கள். ஏற்றாத வரவு எல்லாம் பாக்கியாகத் தெரியும். நான் 12-ஆம் தேதி மாலை உட்காருவேன். வங்கி அறிக்கையைப் பார்த்து மிச்ச வரவுகளை ஏற்றி, B4, B5 இரண்டும் 0 என்று பார்த்து, அப்புறம்தான் பட்டியலுக்குப் போவேன். 20 பேர் குழுவுக்கு அரை மணி நேரம் ஆகும்.

பட்டியலைக் குழுவின் பொது அரட்டையில் போட வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாக அழையுங்கள், "உங்கள் கணக்கில் இவ்வளவு தெரிகிறது, உங்கள் ரசீதோடு ஒத்துப்போகிறதா?" என்று கேளுங்கள். கட்டவில்லை என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ஒத்துப்போகிறதா என்று கேட்டால் ரசீதை எடுத்துப் பார்ப்பார். தவறு உங்கள் பக்கம் இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

கோப்பைத் திருத்தும் உரிமை உங்களுக்கும் இன்னொருவருக்கும் மட்டும் இருக்கட்டும். `Share` பொத்தானில் அவரை `Editor` ஆக வையுங்கள். மற்றவர்களுக்குக் கோப்பைப் பகிர்ந்தால் எல்லோருடைய போன் எண்ணும் பாக்கியும் எல்லோருக்கும் தெரியும், `Viewer` ஆக வைத்தாலும் அப்படித்தான். அவரவர் கணக்கை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஃபார்முலா இருக்கும் F முதல் K வரை தேர்ந்தெடுத்து `Data` > `Protect sheets and ranges` வழியாகப் பூட்டிவிடுங்கள்.

கூட்டத்தன்று அந்த மாதத்து `Payments` வரிகளை ஒரு தாளில் அச்செடுத்து, நீங்களும் இன்னொரு உறுப்பினரும் கையெழுத்திட்டு ரசீதுப் புத்தகத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த பொறுப்பாளரிடம் கணக்கை ஒப்படைக்கும் நாளில், கோப்போடு சேர்த்து இந்தத் தாள்களையும் வரிசையாக எண்ணிக் கொடுங்கள்.